விற்காமல் திரும்பும் பாக்கெட்டுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மாவு விற்கிறவள் சாந்தமாக இருந்தால் கிரைண்டரில் ஈ விழும். செஞ்சியில் எங்கள் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருக்களுக்கும் நான்தான் இட்லி மாவு, தோசை மாவு கொடுக்கிறேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன டிபன் கடைகளுக்கும் என் பாக்கெட்தான் போகிறது. கோட்டை பார்க்க வேனில் வருகிற ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமையில் சாப்பிடும் இட்லியில் பாதி என் வீட்டு மாவு. அதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

காலையில் பாக்கெட் எல்லாம் போன பிறகு அரிசியையும் உளுந்தையும் தனித்தனியாகக் களைந்து ஊற வைப்பேன். உளுந்தை ஊறுவதற்கு முன்பே நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஊறிய பிறகு போட்டுத் தேய்த்தால் அதிலிருக்கும் வழவழப்பு போய்விடும், இட்லி எழும்பாது. மத்தியானம் முதலில் உளுந்து, பிறகு அரிசி. உளுந்து அரைபடும்போது குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக்கொண்டே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கல் சூடேறி மாவும் சூடாகிவிடும். நடுவில் கரண்டு போனால் கரண்டு ஆபீசை வாழ்த்திக்கொண்டு காத்திருப்பேன். உப்பு போட்டுக் கலந்து, லேசாகப் பொங்க ஆரம்பித்ததும் பாக்கெட்டில் ஊற்றி, மேலே இடம் விட்டு, மெஷினில் ஒட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். முழுக்கப் பொங்கவிட்டு அடைத்தால் கடைக்குப் போவதற்குள் பாக்கெட் உப்பி வாய் பிளந்துவிடும்.

இதெல்லாம் நான் முன்பே செய்துகொண்டிருந்த வேலைதான். ஆனால் இதை ஒழுங்காக்கியவள் என் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை. காலேஜ் முடித்து வேலை கிடைக்கும் வரை சும்மா இருப்பானேன் என்று என்னோடு நின்றாள். நின்றவள் என்னையே வேலை வாங்க ஆரம்பித்தாள். தலைக்குத் தொப்பி மாட்டு என்றாள். மாவில் கை வைப்பதானால் வளையலைக் கழற்று என்றாள். கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாவுப் பக்கமே விடுவாள். கிரைண்டரில் கல்லைத் தூக்கி அடியில் கழுவுவதோடு விடாமல், நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் பழைய மாவைப் பிரஷ்ஷால் சுரண்டி, வெந்நீர் ஊற்றி, வெயிலில் வைக்க வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். “பெரிய டாக்டர் இவ” என்று திட்டிக்கொண்டேதான் செய்வேன். லைசென்ஸ் எழுதிப் போட்டு வாங்கினதும் அவள்தான். பாக்கெட்டில் தேதி ஸ்டிக்கர் ஒட்டினதும் அவள்தான்.

அவள் போட்ட சட்டங்களில் ஒன்றில் மட்டும் அவளும் நானும் ஒரே கட்சி. தேதி தாண்டி விற்காமல் நிற்கும் பாக்கெட்டைக் கடைக்காரர் யாரிடமும் விட்டுவைக்கக் கூடாது. திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, மாவை மாட்டுக் கழனித் தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். சில கடைகளில் புளித்த மாவைப் புது மாவோடு கலந்து தோசை ஊற்றிவிடுவார்கள். வயிறு கெட்டால் பழி யார் மேல் வரும்? பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் பெயர் மேல்தான். மூலை வெட்டாத பழைய பாக்கெட் ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது என்பாள். சிங்கவரத்திலிருந்து பால் கொண்டுவருகிறவர் அந்தக் கழனியை எடுத்துப் போவார். அவருடைய மாடுகளுக்கு எங்கள் மாவு ரொம்பப் பிடித்தம்.

அப்படி இருந்தவள் ஒரு நாள் செல்போன் கடையில் வேலை செய்கிற ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். வேறு ஆட்கள். போனவள் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு வீடு பிடித்து இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தச் சேதி வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை தன் ஆட்டோவில் பாக்கெட் அடுக்கிய தெர்மாகோல் பெட்டியை ஏற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இனிமே இந்த வூட்ல அவ பேச்சே எடுக்கக் கூடாது.”

எடுக்கவில்லை. எதிர்த்துப் பேசி வீட்டைப் போர்க்களமாக்க எனக்கு அன்று தெம்பில்லை. வாய்தான் எடுக்கவில்லை. உளுந்து அரைக்கும்போது இந்தப் பக்கம் தண்ணீர் தெளிக்க ஆள் இல்லை என்று தெரியும்போதெல்லாம் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன். பாக்கெட்டின் வாயை ஒருத்தி விரித்துப் பிடிக்க ஒருத்தி ஊற்றினால்தான் ஓரத்தில் வழியாது. தனியாகச் செய்ய ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஸ்டாண்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். தொப்பி மாட்டச் சொல்ல ஆள் இல்லாதபோதும் மாட்டினேன். வளையலைக் கழற்றி வைத்தேன். கையை நீட்டி நகத்தை நானே பார்த்துக்கொண்டேன். பைத்தியமா எனக்கு என்று கேட்டுக்கொள்வேன். அவள் ஒருதரம் வந்து “ம்மா, நகம்” என்று அதட்டினால் போதும் என்று இருக்கும்.

பொங்கலுக்கு அவள் வருவாள் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று தெரியாது, யாரும் கூப்பிடவில்லை. வரவில்லை. பொங்கல் கழிந்து தை மாதப் பனி நன்றாக இறங்கியிருந்தது. அந்தக் குளிரில் மாவு எழும்புவதே பெரும்பாடு. புளிப்பு ஏறவே ஏறாது. கடைக்காரர்கள் தோசை சப்பென்று இருக்கிறது என்று முனகுவார்கள். அந்த நாட்களில்தான் திரும்பி வருகிற பாக்கெட்டில் எனக்குச் சந்தேகம் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டிபன் கடை. வைத்திருக்கிறவள் என்னைவிடச் சின்னவள், என்னை யக்கா யக்கா என்பாள். எல்லாக் கடையிலிருந்தும் ஏதாவது ஒன்று திரும்பி வரும். அவள் கடையிலிருந்து அடிக்கடி ஒன்றாவது வந்துவிடும், ஏனென்றால் ஆசைப்பட்டு அதிகமாக வாங்கி வைப்பாள். திடீரென்று வருவது நின்றுவிட்டது. வாங்குவது குறையவில்லை. கூட்டம் அதிகமாகிவிட்டதா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். காலையில் பாக்கெட் இறக்குவதும் பழையதைத் திரும்ப எடுத்து வருவதும் அவர்தான். அதன் பிறகுதான் ஆட்டோவைச் சவாரிக்கு ஓட்டிப் போவார்.

“வித்துடுதாம்” என்று சொல்லிவிட்டுத் தெர்மாகோல் பெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

சரி, விற்கிறது என்று விட்டேன். ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அந்தக் கடையில் ஒரு டீ குடிக்கலாம் என்று நுழைந்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பலகை. அதன்மேல் என் பாக்கெட் ஒன்று தனியாக, ஒரு மஞ்சள் பையில் பாதி மூடி வைத்திருந்தது. உப்பிப்போய் இருந்தது. பாக்கெட்டைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தேன். தேதி எப்போதோ தாண்டிவிட்டது. மூலை வெட்டவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத்தான் கேட்டேன். பழைய மாவைக் கலந்தா ஊற்றுகிறாய், ஊரான் வீட்டுப் பிள்ளைகள் வயிறு என்ன கழனித் தொட்டியா, நாளைக்கு ஒருவன் வாந்தி எடுத்தால் என் லைசென்சைத்தானே பிடுங்குவார்கள் என்று வாயில் வந்ததெல்லாம் கேட்டுவிட்டேன். இந்த மாவுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது. கெட்ட பெயர் ஒருதரம் வந்தால் இந்தச் சின்ன ஊரில் துடைத்துப் போட முடியாது. அவள் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எதிர்த்துச் சண்டை போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை. என்னைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“யக்கா, சத்தியமா நான் கலக்கல. அது விக்கறதுக்கு இல்ல. யாருக்குன்னு உன் வூட்டுக்காரரையே கேளு.”

அதற்குமேல் அவளால் வாயைக் கட்ட முடியவில்லை. அவளே சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு முன்னாலேயே என் மகள் அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். சாம்பார் வாசனை பட்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். எதையும் சாப்பிட முடியவில்லை அக்கா, புளித்த மாவில் தடிமனாக ஒரு தோசை கிடைத்தால் போதும் என்றாளாம். எங்கள் அம்மா மாவு புளித்தால்தான் அந்த ருசி வரும், பழைய பாக்கெட் இருந்தால் எடுத்து வையுங்கள் என்று கேட்டாளாம். மூலை வெட்டாத பாக்கெட் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம் போட்ட அதே பெண். குளிரில் புது மாவு புளிக்கவே இல்லை. புளித்தது என்றால் திரும்பிப் போகும் பாக்கெட் மட்டும்தான். மறுநாள் பழைய பாக்கெட் எடுக்க வந்த என் வீட்டுக்காரரிடம் கடைக்காரி இதைச் சொல்லியிருக்கிறாள். கையில் எடுத்த பாக்கெட்டை அவர் மறுபடி மேசையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றிலிருந்து அவர் அந்தக் கடையில் பழையதை எடுப்பதில்லை.

மசக்கை. என் மகளுக்கு மசக்கை. ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேனா வயிற்றெரிச்சலில் அழுகிறேனா என்று எனக்கே புரியவில்லை. அந்தப் பின்கட்டில் வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கடைக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். பலகை மேலிருந்த பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தார். சோறு போடவில்லை. பாக்கெட்டை அவர் எதிரில் வைத்தேன். பார்த்தார். கை கழுவப் போனவர் கழுவாமல் நின்றார்.

“பேசல. பாக்கவும் இல்ல. வச்சுட்டு வந்துடுவேன், அவ்ளோதான்” என்றார்.

என்னைப் பேசாதே என்று வாயை அடைத்துவிட்டு, நீ மட்டும் திருட்டுத்தனமாக மகளுக்குச் சீர் செய்கிறாயா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று முன்னால் வந்து நின்றது. பாக்கெட்டைப் பிரித்து அவர் மூக்கருகே நீட்டினேன். கடை ஃப்ரிட்ஜில் முட்டைக்கும் மீந்துபோன குருமாவுக்கும் நடுவில் கிடந்து, பிறகு பலகைக்கு வந்த பாக்கெட் அது. இந்தச் சின்ன ஊரில் கரண்டு போய்ப் போய் வருகிறது. எத்தனை தரம் சூடாகி எத்தனை தரம் குளிர்ந்ததோ. ஓரத்தில் லேசாக நிறம் மாறியிருந்தது.

“வயித்துப்புள்ளக்காரிக்கு இதையா குடுப்ப?” என்றேன். “புளிச்சது வேற, கெட்டது வேற. உனக்கு இன்னா தெரியும்?”

அவர் பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி மோந்து பார்த்தார். இத்தனை நாளும் பெற்ற மகளுக்கு என்ன கொடுத்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருந்தது. கத்தரிக்கோலை அவரே எடுத்து மூலையை வெட்டி, கழனித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பசி என்று கேட்கவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. சோறு போட்டேன்.

அன்று அரைத்த மாவில், பாக்கெட்டில் ஊற்றுவதற்கு முன்பே, ஒரு எவர்சில்வர் தூக்கில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். தூக்கை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்திருந்தேன். புளிப்பு வேண்டுமானால் வரட்டும், ஆனால் என் கண் முன்னால், என் பாத்திரத்தில் வரட்டும். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பழைய கம்பளியைச் சுற்றிவிட்டேன். மேலே பொங்கினால் வழியாதபடி பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஊற்றியிருந்தேன்.

குளிர் காலத்தில் மாவைப் புளிக்க வைப்பது லேசில்லை. மறுநாள் காலையில் திறந்தால் இட்லிக்கு ஏற்ற பதம்தான் வந்திருந்தது. புளிப்பு என்ற பேச்சே இல்லை. சாயங்காலம் பார்த்தேன், லேசாக. அவர் ஒவ்வொரு சவாரி முடிந்தும் வீட்டுப் பக்கம் வந்து போனார். வழக்கமாக மத்தியானம் ஒருதரம்தான் வருவார். வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “புளிச்சிடுச்சா?” என்பார். இன்னும் இல்லை என்பேன். போய்விடுவார். மறுபடி வருவார். மகள் பேச்சு எடுக்கக் கூடாது, மாவுப் பேச்சு எடுக்கலாம் போலிருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் கையைக் கழுவி, காய்ந்த கரண்டி எடுத்து, ஒரு துளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பேன். நக்கிய கை தூக்குப் பக்கம் போகாது.

அந்த இரண்டு நாளும் நான் அவளை நினைத்த மாதிரி, அவள் போன பிறகு எந்த நாளும் நினைத்ததில்லை. குழந்தையில் மாவு வழித்த பாத்திரத்தை யாருக்கும் தெரியாமல் நக்குவாள். அப்போதே புளிப்புதான் பிடிக்கும். எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாளோ, சாப்பிட்டது நிற்கிறதோ இல்லையோ, காலையில் தலை சுற்றினால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க அந்தப் பையனுக்குத் தெரியுமோ தெரியாதோ. எங்கள் வீட்டில் இருந்திருந்தால் இந்த மாதத்தில் அவள் காலைக் கீழே வைக்க விட்டிருப்பேனா? கம்பளி சுற்றிய தூக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்கடுத்த காலை திறந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. நல்ல, சுத்தமான புளிப்பு. நாக்கில் வைத்தால் காதுக்குக் கீழே கூசியது. அவர் கடைகளுக்குப் பாக்கெட் இறக்கிவிட்டு வந்திருந்தார். தூக்கை அவரிடம் நீட்டினேன்.

“இதைக் கொண்டுபோய்க் குடு. இனிமே கடைல வைக்காத.”

அவர் வாங்கவில்லை. தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு போய் ஆட்டோவில் ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டு, பின் சீட்டைக் கையால் துடைத்தார்.

“ஏறு” என்றார்.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போனோம். சந்து குறுகல், ஆட்டோ உள்ளே போகாது. முனையில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை, அவரும் இறங்கவில்லை. எந்த வீடு என்று கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லாத மாதிரி, பச்சைக் கதவு போட்ட வீட்டைக் காட்டினார். பார்க்கவே இல்லை என்று சொன்ன மனிதர். அதையும் அப்போது கேட்கவில்லை.

கதவைத் திறந்தவள் என் மகள்தானா என்று இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்து, நைட்டி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. நான் தூக்கை நீட்டினேன். மூடியைத் திறந்து மோந்தாள். அவ்வளவுதான், மூடியைக் கையில் பிடித்தபடி அழ ஆரம்பித்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தேன்.

கல்லில் எண்ணெய் வாசம் வந்தால் அவளுக்குக் குமட்டுமே என்று முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டு அங்கே உட்காரச் சொன்னேன். தடிமனாக ஊற்றி, இரண்டு பக்கமும் வேக வைத்துக் கொடுத்தேன். தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம் என்றாள். வெறும் தோசையைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். அதற்குமேல் இன்னொன்று. நான் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவளைப் பார்த்தால் என்னால் ஊற்ற முடியாது என்று தெரியும்.

“நைனா வரலியா?” என்றாள்.

“முனைல ஆட்டோல இருக்குறாரு. இறங்க மாட்டாரு.”

தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாயைக்கூடக் கழுவாமல் வெளியே போனாள். நான் அடுப்பைச் சிறுசாக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். அவள் சந்து முனைவரை மெதுவாக நடந்து போய், ஆட்டோவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ படபடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கிளம்பிப் போய்விடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் கம்பியை விடவில்லை.

கடைசியில் அவர்தான் பேசினார். இத்தனை மாதம் கழித்து, பெற்ற மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

“புளிப்பு பத்துச்சாம்மா?”

“பத்தல நைனா” என்றாள்.

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.